ஒரே பில்லுக்கு இரண்டு தடவை பணம் போன பிறகு எக்செல் கலரைப் பற்றி நான் தெரிந்துகொண்டது

திருப்பூரில் ஒரு சின்ன பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். கணக்கு என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம், ஆபீஸில் கணக்குக்கு நான் ஒருத்திதான். நூல் வாங்கி நிட்டிங்குக்குக் கொடுப்போம், துணி டையிங்குக்குப் போகும், அங்கிருந்து காம்பாக்டிங், அப்புறம்தான் கட்டிங் டேபிளுக்கு வரும். ஒவ்வொரு இடத்திலிருந்தும் ஜாப் ஒர்க் பில் வரும். அதையெல்லாம் ஒரு எக்செல் ஷீட்டில் ஏற்றி, சனிக்கிழமை பேமெண்டுக்கு லிஸ்ட் எடுத்துத் தருவது என் வேலை. நான் சேரும்போதே அந்த ஷீட் இருந்தது. பில் நம்பர் திரும்ப வந்தால் கட்டம் ரோஸ் கலராகும்படி யாரோ முன்பே போட்டு வைத்திருந்தார்கள்.

அந்த ஷீட்டின் மேற்பார்வையில்தான் ஒரு டையிங் பில்லுக்கு இரண்டு சனிக்கிழமைகளில் இரண்டு தடவை 47,250 ரூபாய் போனது. முதலில் பில்லை வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பியிருந்தார்கள், அது ஏறிவிட்டது. அடுத்த வாரம் துணியோடு சலானும் ஒரிஜினல் பில்லும் வந்தன. ஸ்டோர்ஸ் பையன் அதையும் ஏற்றினான். கலர் போடும் விதி வேலை செய்துகொண்டுதான் இருந்தது, இரண்டு கட்டமும் ரோஸாகத்தான் இருந்தன. ஆனால் அந்த ஷீட்டில் பாதிக்கு மேல் எப்போதுமே ரோஸாகத்தான் இருக்கும். முதலாளியே ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன அம்மணி, சீட்டு முழுக்க ரோஸ் கலரா கெடக்குது?" என்று சிரித்துவிட்டுப் போனவர்தான்.

பணம் முழுகிப் போகவில்லை. டையிங்காரர், "அடுத்தடுத்த பில்லுல கழிச்சுக்கலாமுங்க" என்றார். ஆனால் அந்த சீசனில் அவருக்குப் போன வேலை குறைவு, கொஞ்சம் கொஞ்சமாகக் கழிந்து தீர மாதக்கணக்கில் ஆனது. அதைவிட என்னை அரித்தது வேறு. நானும் டையிங்காரரும் சேர்ந்து செய்தோமோ என்று யாராவது நினைத்துவிடுவார்களோ என்ற பயம். யாரும் அப்படிச் சொல்லவில்லை, ஆனால் பேமெண்ட் லிஸ்டைக் கையில் எடுக்கும்போதெல்லாம் வயிற்றைப் பிசைந்தது. கேட்க ஆளில்லாமல் இரவில் உட்கார்ந்து, கலர் ஏன் இப்படி விழுகிறது என்று தோண்டிப் பார்த்ததில் தெரிந்துகொண்டவைதான் இவை.

ஷீட் எப்படி இருக்கும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். A-யில் தேதி, B-யில் பார்ட்டி கோடு, C-யில் பில் நம்பர், D-யில் என்ன வேலை, E-யில் தொகை, F-ல் குறிப்பு. முதல் வரிசை தலைப்பு, பில்கள் 2-ஆம் வரிசையில் ஆரம்பிக்கும். நான்கு வரிசைகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 2-ஆம் வரிசையில் D07, பில் 118, 47,250. 3-இல் K03 என்ற நிட்டிங் பார்ட்டி, அவர்களுடைய பில்லும் 118, தொகை 12,600. 4-இல் C02, பில் 36, 8,400. 5-இல் மறுபடியும் D07, 118, 47,250.

முன்பு போட்டிருந்தது Conditional Formatting-இல் ரெடிமேடாக இருக்கும் Duplicate Values. அது C காலத்தை, அதாவது பில் நம்பர் இருக்கும் நெடுவரிசையை மட்டும் பார்த்து, 118 என்று இருக்கும் மூன்று கட்டங்களையும் ரோஸாக்கும். K03-இன் 118-க்கும் D07-இன் 118-க்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, இரண்டு பேரும் ஏப்ரலில் 1-லிருந்து நம்பர் போட ஆரம்பித்தவர்கள், அவ்வளவுதான். இதுபோல் முப்பது நாற்பது பார்ட்டிகள் இருந்தால் கிட்டத்தட்ட எல்லா நம்பரும் டூப்ளிகேட்தான். இரண்டாவது தொல்லை, கலர் C கட்டத்தில் மட்டும் விழுவது. பேமெண்ட் லிஸ்ட் பார்க்கும்போது கண் பார்ட்டியிலும் தொகையிலும்தான் இருக்கும், நடுவில் ஒரு சின்னக் கட்டம் என்ன கலரில் இருக்கிறது என்று யார் பார்க்கிறார்கள்? வரிசை முழுவதும் கலரானால்தான் கண்ணில் அறையும். ரெடிமேட் விதியில் இது இரண்டுக்கும் வழியில்லை, நாமே ஃபார்முலா எழுத வேண்டும்.

அதற்கான இடம் Home-இல் Conditional Formatting, அதில் New Rule, அதில் கடைசியாக இருக்கும் Use a formula to determine which cells to format. அதற்கு முன் கலர் விழ வேண்டிய இடம் முழுவதையும், அதாவது A2-லிருந்து F600 வரை, செலக்ட் செய்திருக்க வேண்டும். வெறும் பில் நம்பர் காலத்தை மட்டும் செலக்ட் செய்தால் என்ன ஃபார்முலா எழுதினாலும் கலர் அங்கேதான் நிற்கும். நான் போட்ட ஃபார்முலா இது:

```
=COUNTIFS($B$2:$B$600,$B2,$C$2:$C$600,$C2)>1
```

"இந்த வரிசையின் பார்ட்டியும் இந்த வரிசையின் பில் நம்பரும் சேர்ந்து பட்டியலில் ஒன்றுக்கு மேல் இருக்கிறதா?" என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் எக்செல் கேட்டுக்கொள்கிறது. ஆம் என்றால் நான் கொடுத்திருந்த சிவப்புக் கலர், இல்லை என்றால் சும்மா விடும். நம் நான்கு வரிசைகளில் இப்போது 2-உம் 5-உம் மட்டும் முழுசாகக் கலராகும், K03 தப்பித்துவிடும். தொகையையும் சேர்த்துக்கொள்ளலாமே என்று தோன்றும், சேர்க்காதீர்கள். துணி வெயிட் குறைந்ததற்காக ஒரு தடவை கழித்துப் போட்டு, இன்னொரு தடவை முழுத் தொகை போட்டிருந்தால் தொகை மாறிவிடும், டூப்ளிகேட் கையிலிருந்து நழுவிவிடும். பில் நம்பர் நிதியாண்டுக்கு ஒரு தடவை புதிதாக ஆரம்பிப்பதால், நான் வருஷத்துக்கு ஒரு ஷீட் என்று பிரித்துக்கொண்டேன். இரண்டு வருஷத்தையும் ஒரே ஷீட்டில் வைப்பவர்கள் நிதியாண்டுக்கென்று ஒரு காலம் போட்டு, அதையும் COUNTIFS-இல் மூன்றாவதாகச் சேர்க்க வேண்டும்.

இனி டாலர் குறி. முழு வரிசைக்குக் கலர் போடும் வித்தையே அதில்தான் இருக்கிறது. $B2 என்பதில் டாலர் B-க்கு முன்னால் மட்டும் இருக்கிறது. நீ A கட்டத்தில் இருந்தாலும் F கட்டத்தில் இருந்தாலும் B-யைத்தான் பார்க்க வேண்டும், ஆனால் வரிசை மாறினால் நம்பர் மாறலாம் என்று அதற்கு அர்த்தம். கலர் தப்பாக விழுந்தால், விழும் விதத்தைப் பார்த்தே டாலர் எங்கே தவறியது என்று சொல்லிவிடலாம். முதல் காலம் மட்டும் கலராகி மற்றவை வெள்ளையாகவே இருந்தால் B2, C2 என்று டாலரே இல்லாமல் எழுதியிருக்கிறீர்கள். A2 கட்டம் சரியான இடத்தைப் பார்க்கும், B2 கட்டம் ஒன்று நகர்ந்து C2-ஐயும் D2-ஐயும் பார்க்கும், அப்புறம் ஒன்றும் பொருந்தாது. ஷீட் முழுவதும் கலராகிவிட்டது, அல்லது ஒன்றுமே ஆகவில்லை என்றால் $B$2, $C$2 என்று இருபுறமும் பூட்டிவிட்டீர்கள். அப்போது எல்லா வரிசையும் 2-ஆம் வரிசையைப் பற்றியே கேட்டுக்கொண்டிருக்கும். மவுஸால் கட்டத்தைக் கிளிக் செய்து ஃபார்முலா எழுதுபவர்களுக்கு இது கட்டாயம் வரும், ஏனென்றால் விதியின் ஃபார்முலா பெட்டி திறந்திருக்கும்போது ஒரு கட்டத்தைக் கிளிக் செய்தால் எக்செல் தானாகவே இருபுறமும் டாலர் போட்டுவிடும். F4-ஐ இரண்டு தடவை அழுத்தினால் $C$2 என்பது $C2 ஆகும்.

மூன்றாவது விதம்தான் என்னை அதிகம் அலைக்கழித்தது. கலர் விழும், முழு வரிசைக்கும் விழும், ஆனால் டூப்ளிகேட்டுக்கு ஒரு வரிசை மேலே விழும். தலைப்பையும் சேர்த்து A1-லிருந்து செலக்ட் செய்து, ஃபார்முலாவில் $C2 என்று எழுதினால் இப்படி ஆகும். 1-ஆம் வரிசை 2-ஐப் பார்க்கும், 2-ஆம் வரிசை 3-ஐப் பார்க்கும், எல்லாம் ஒன்று தள்ளிப்போகும். இதன் ஆபத்து என்னவென்றால், அவசரத்தில் பார்த்தால் சரியாக இருப்பது மாதிரியே தெரியும். கலரான வரிசையை ஒழுங்கான பில் என்று விட்டுவிட்டு, கீழே இருக்கும் உண்மையான டூப்ளிகேட்டுக்குப் பணம் அனுப்பிவிடுவோம். இதிலேயே இன்னொரு சூட்சுமம், கீழிருந்து மேலே இழுத்து செலக்ட் செய்வது. F600-இல் ஆரம்பித்து A2 வரை இழுத்தால் செலக்ட் ஆகும் இடம் அதேதான், ஆனால் எக்செல் கணக்கில் நாம் நிற்பது F600. ஃபார்முலாவில் எழுதிய 2-ஆம் வரிசையை அது F600-க்கு உரியதாக எடுத்துக்கொள்ளும், கலர் கண்டபடி விழும். இடது மேல் மூலையில் இருக்கும் சின்னப் பெட்டியில் A2 என்று காட்டுகிறதா என்று பார்த்துவிட்டு New Rule-க்குள் போனால் இந்தத் தலைவலி இல்லை.

ஃபார்முலா எழுதும் பெட்டிக்குள் திருத்தம் செய்வதே ஒரு சித்திரவதை. நடுவில் ஒரு டாலரை அழிக்கலாம் என்று அம்புக்குறி கீயை அழுத்தினால், கர்சர் நகராமல் ஷீட்டில் உள்ள ஏதோ ஒரு கட்டத்தின் பெயர் ஃபார்முலா நடுவில் வந்து உட்காரும். F2 அழுத்திவிட்டு அம்புக்குறியைப் பயன்படுத்தினால் ஒழுங்காக நகரும். இது தெரியாமல் ஒவ்வொரு தடவையும் முழுசாக அழித்து அழித்து எழுதிக்கொண்டிருந்த இரவுகள் எனக்கு இருந்தன. முன்னால் சமக்குறி போட மறந்தால் எக்செல் அதை வெறும் எழுத்தாக எடுத்துக்கொண்டு மேற்கோள் குறிக்குள் அடைத்துவிடும், ஒரு கலரும் வராது, ஒரு எச்சரிக்கையும் வராது. Manage Rules-இல் திறந்து பார்த்தால்தான் ="COUNTIFS என்று ஆரம்பிப்பது தெரியும்.

இவ்வளவுக்கும் சேர்த்து நான் கடைசியில் வந்து நின்ற பழக்கம் ஒன்று உண்டு, இதை மட்டும் யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால் பாதி நேரம் மிஞ்சியிருக்கும். ஃபார்முலாவை நேரே அந்தப் பெட்டியில் எழுதாதீர்கள். ஷீட்டிலேயே காலியாக இருக்கும் H2-வில் எழுதி, கீழே வரை இழுத்து விடுங்கள். TRUE, FALSE என்று வரிசையாக வரும். உங்களுக்குத் தெரிந்த ஒரு டூப்ளிகேட்டைத் தேடி, அந்த வரிசையில் TRUE வந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் வலப்பக்கம் I, J என்று இழுத்தும் பாருங்கள், அங்கேயும் அதே விடை வந்தால்தான் டாலர் சரி. அதன் பின் H2-வில் இருப்பதை அப்படியே காப்பி செய்து பெட்டியில் ஒட்டினால் போதும். கலர் விழுவது கண்ணுக்கு அழகாக இருக்கும், ஆனால் ஏன் விழுந்தது என்று சொல்லாது, இந்த TRUE-வும் FALSE-உம் சொல்லும்.

சரி, ஃபார்முலா சரியாகிவிட்டது என்று நிம்மதியாக இருந்தபோது ஒரு காம்பாக்டிங் பார்ட்டி வேறு விதத்தில் சோதித்தார். அவர் புதிதாக ஒரு பில்லிங் சாஃப்ட்வேர் போட்டார், பில் நம்பர் 16 இலக்கமாக வர ஆரம்பித்தது. ஜிஎஸ்டி விதிப்படி இன்வாய்ஸ் நம்பர் 16 எழுத்து வரை இருக்கலாம், அதனால் தப்பில்லை. 2024250000000118 ஒரு பில், 2024250000000119 அடுத்த பில். இரண்டையும் எக்செல் டூப்ளிகேட் என்று கலராக்கியது. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன், கடைசி இலக்கம் வேறுதான். காரணம், எக்செல் ஒரு எண்ணில் 15 இலக்கம் வரைதான் நினைவில் வைக்கும். அதனால்தான் இந்த மாதிரி நம்பரை ஏற்றும் முன் C காலத்தை Text ஆக மாற்றி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கடைசி இலக்கத்தைப் பூஜ்ஜியமாக்கிவிட்டுப் போய்விடும். நான் Text ஆகத்தான் வைத்திருந்தேன். ஆனால் COUNTIF, COUNTIFS இரண்டும் எண் மாதிரி இருப்பதையெல்லாம் எண்ணாக மாற்றித்தான் ஒப்பிடும், அங்கே 16-ஆவது இலக்கம் காணாமல் போய்விடும். நீளமான பேங்க் அக்கவுண்ட் நம்பர்களை வைத்து டூப்ளிகேட் தேடுபவர்களுக்கும் இதே கதிதான்.

இதற்கு SUMPRODUCT-க்கு மாறினேன்:

```
=AND($C2<>"",SUMPRODUCT(($B$2:$B$600=$B2)*(TRIM($C$2:$C$600)=TRIM($C2)))>1)
```

இதில் ஒப்பிடுவது சமக்குறி, அது எழுத்தை எழுத்தாகவே பார்க்கும், 118-உம் 119-உம் வேறு வேறு என்று தெரியும். TRIM எதற்கென்றால், பில் நம்பருக்குப் பின்னால் ஒரு ஸ்பேஸ் தட்டியிருந்தாலும் அதை விட்டுவிட்டு ஒப்பிடுவதற்கு. ஒரு இடத்தில் 118 எண்ணாகவும் இன்னொரு இடத்தில் எழுத்தாகவும் இருந்தால் வெறும் சமக்குறி அவை வேறு என்று சொல்லிவிடும், TRIM இரண்டையும் எழுத்தாக்கிவிடுவதால் அந்தத் தொல்லையும் இல்லை. முன்னால் இருக்கும் $C2<>"" காலி வரிசைகளுக்காக. அதை விட்டுவிட்டால் காலியும் காலியும் சமம் என்று சொல்லி, கீழே இன்னும் பில் ஏறாத வரிசைகள் எல்லாம் கலராகி நிற்கும்.

ஆனால் இந்த ஃபார்முலாவாலும் பிடிக்க முடியாத ஒன்று இருக்கிறது. பில்லில் KD/0457 என்று இருப்பதை ஒருவர் KD/457 என்றும் இன்னொருவர் KD-0457 என்றும் ஏற்றினால் எக்செல்லுக்கு அவை வேறு பில்கள்தான். அதற்கு ஃபார்முலாவை இன்னும் நீட்டிக்கொண்டு போகாமல், பேப்பரில் எப்படி இருக்கிறதோ அப்படியே ஏற்ற வேண்டும் என்று ஸ்டோர்ஸ் பையனிடம் சொல்லிவிட்டேன். கூடவே, ஒரே பார்ட்டிக்கு ஒரே தொகை திரும்ப வந்தால் மங்கலான மஞ்சள் விழும்படி இரண்டாவது விதி ஒன்று போட்டேன். மஞ்சள் என்றால் டூப்ளிகேட் என்று அர்த்தமில்லை, பேப்பரை எடுத்துப் பார் என்று அர்த்தம். ஒரே வெயிட், ஒரே ரேட் வரும் நிட்டிங் பார்ட்டிகளுக்கு இது நியாயமாகவே விழும். Manage Rules-இல் மேலே இருக்கும் விதிதான் ஜெயிக்கும், அதனால் சிவப்பு மேலே, மஞ்சள் கீழே.

இரண்டில் எது முதலில் ஏறியது, எது பின்னால் ஏறியது என்று பிரித்துக் காட்ட வேண்டுமானால் எல்லையின் முடிவில் இருக்கும் $600-ஐ டாலர் இல்லாத 2 ஆக்கிவிடலாம். =COUNTIFS($B$2:$B2,$B2,$C$2:$C2,$C2)>1 என்று எழுதினால் தலையிலிருந்து இந்த வரிசை வரை மட்டுமே எண்ணும், முதல் பில் வெள்ளையாகவும் இரண்டாவது மட்டும் கலராகவும் வரும். ஆனால் ஷீட்டைத் தொகைவாரியாக Sort செய்தால் எது முதல், எது இரண்டாவது என்பது மாறிவிடும். தேதிவாரியாக இருக்கும்போது மட்டும் அதை நம்புங்கள்.

இது ஓடிக்கொண்டிருக்கும்போதே முதலாளி இன்னொன்று கேட்டார். வெள்ளிக்கிழமை அவர் பேங்க்கில் பேசப் போவதற்கு முன், பாக்கியில் பெரிய தொகை மூன்று எது என்று பளிச்சென்று தெரிய வேண்டும். ரெடிமேடாக Top 10 Items இருக்கிறது, பத்தை மூன்றாக்கிக்கொள்ளலாம், ஆனால் அதுவும் கட்டத்தோடு நின்றுவிடும். பச்சைக் கலரில் முழு வரிசைக்கும் இப்படிப் போட்டேன்:

```
=$E2>=LARGE($E$2:$E$600,3)
```

மூன்றாவது பெரிய தொகை எதுவோ அதற்குச் சமமாகவோ மேலாகவோ இருந்தால் கலர். போட்டவுடன் மூன்று வரிசைக்குப் பதில் ஏழெட்டு வரிசை பச்சையாகியது. கலர் விழுந்ததில் மூன்று சரியானவை, மற்றதெல்லாம் தொகை இருக்க வேண்டிய இடத்தில் HOLD என்று எழுதி வைத்திருந்த பில்கள். ஷேட் சரியில்லை, ஓட்டை இருக்கிறது என்று தகராறில் நிற்கும் பில்களுக்கு எங்கள் ஆபீஸில் அப்படி எழுதுவது வழக்கம். எக்செல்லின் கணக்கில் எந்த எழுத்தும் எந்த எண்ணையும் விடப் பெரியது. 94,500-ஐ விட HOLD பெரிது, கோடி ரூபாயை விடவும் HOLD பெரிது. LARGE எழுத்தைக் கண்டுகொள்ளாமல் எண்களில் மட்டும் மூன்றாவதைத் தேடித் தரும், ஆனால் அதை ஒப்பிடும் >= குறி கண்டுகொள்ளும். மார்க் லிஸ்டில் வராதவர்களுக்கு AB என்று போடும் டீச்சர்களுக்கும் இது நடக்கும், பரீட்சைக்கே வராத பிள்ளை முதல் மூன்று இடத்தில் வந்து நிற்கும். தீர்வு சின்னதுதான்:

```
=AND(ISNUMBER($E2),$E2>=LARGE($E$2:$E$600,3))
```

இதிலும் ஒரு எதிர்ப்பக்கம் உண்டு. வேறு சாஃப்ட்வேரிலிருந்து எக்ஸ்போர்ட் செய்து ஒட்டிய தொகைகள் சில சமயம் பார்க்க எண் மாதிரி இருக்கும், உள்ளே எழுத்தாக இருக்கும். கட்டத்தின் இடது ஓரமாக ஒட்டிக்கொண்டு, பெரும்பாலும் மூலையில் ஒரு பச்சை முக்கோணத்தோடு நிற்கும். ISNUMBER அவற்றையும் ஒதுக்கிவிடும், LARGE-உம் பார்க்காது. ஷீட்டிலேயே பெரிய பில் அதுவாக இருந்தாலும் கலர் விழாது. அந்த முக்கோணத்தைக் கிளிக் செய்து Convert to Number கொடுத்த பிறகுதான் அது கணக்கில் வரும்.

டூப்ளிகேட்டும் முதல் மூன்றும் ஒன்றையொன்று எப்படிக் கெடுக்கின்றன என்பதையும் அப்போதுதான் பார்த்தேன். ஒரு வாரம் பச்சையாக இருந்தவை 94,500, மறுபடி 94,500, அப்புறம் 81,900. முதல் இரண்டும் ஒரே பில், இரண்டு தடவை ஏறியது. அதனால் உண்மையில் மூன்றாவதாக இருக்க வேண்டிய 66,150 வெளியே தள்ளப்பட்டுவிட்டது. ஒரு 94,500-ஐ எடுத்தவுடன் 66,150 உள்ளே வந்தது, ஆனால் அந்தத் தொகையில் நிஜமாகவே இரண்டு வேறு பில்கள் இருந்ததால் நான்கு வரிசை பச்சையாகியது. சமமாக இருப்பவை எல்லாம் சேர்ந்து வரும், அது இந்த ஃபார்முலாவின் இயல்பு. கட்டாயம் மூன்றுதான் வேண்டும் என்று தொகையோடு வரிசை நம்பரைக் கொசுறாகச் சேர்த்து வித்தை செய்பவர்கள் உண்டு. என் வேலைக்கு நான்கு வந்தால் நல்லது, சமமான இரண்டில் ஒன்றை எக்செல் ஒளித்து வைப்பதை நான் விரும்பவில்லை. எப்படியானாலும் சிவப்பைத் தீர்த்த பிறகுதான் பச்சையைப் பார்க்க வேண்டும்.

"இது பில்லுங்களா, பார்ட்டிங்களா?" என்று முதலாளி கேட்டதும் இன்னொரு சிக்கல் புரிந்தது. பெரிய பில் மூன்று வேறு, அதிகம் பாக்கி இருக்கும் பார்ட்டி மூன்று வேறு. எட்டாயிரம் எட்டாயிரமாகப் பத்து பில் வைத்திருக்கும் காம்பாக்டிங்காரர் முதலாவதில் வரவே மாட்டார். G-யில் ஒவ்வொரு வரிசைக்கும் அந்தப் பார்ட்டியின் மொத்தத்தை SUMIF-ஆல் கொண்டுவந்து, அதன் மேல் LARGE போட்டுப் பார்த்தேன். ஒரே ஒரு பார்ட்டி மட்டும் பச்சையானார். அவருக்கு ஐந்து பில் இருந்ததால் அதே மொத்தம் ஐந்து தடவை வந்தது, முதல், இரண்டாவது, மூன்றாவது பெரிய தொகை மூன்றும் அவருடையதாகவே ஆகிவிட்டது. இதைப் பில் ஷீட்டில் சரி செய்ய முயலாமல் பிவட் டேபிளில் பார்ட்டிக்கு ஒரு வரிசை என்று தனி ஷீட்டில் எடுத்து, பெரியதிலிருந்து சின்னதாக Sort செய்துவிட்டேன். அங்கே கலரே தேவைப்படவில்லை, மேலே இருக்கும் மூன்றுதான்.

கூகுள் ஷீட்ஸில் வேலை செய்பவர்களும் இதே ஃபார்முலாக்களைப் போடலாம். Format-இல் Conditional formatting போய், Custom formula is என்பதில் எழுத வேண்டும், Apply to range-இல் A2:F600 கொடுக்க வேண்டும். அங்கே எந்தக் கட்டத்தில் நிற்கிறோம் என்ற குழப்பம் இல்லை, கொடுத்த எல்லையின் முதல் கட்டத்தை வைத்தே கணக்கு. டாலர் விஷயம் அதேதான்.

எல்லாம் சரியாக ஓடிய பிறகும் கொஞ்ச நாளில் கலரில் ஓட்டை விழ ஆரம்பிக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். வேறு ஃபைலிலிருந்து சாதாரணமாக காப்பி செய்து ஒட்டும்போது அந்த இடத்தில் நம் விதி போய்விடும், அல்லது அங்கே இருந்த விதியும் சேர்ந்து வந்துவிடும். அதே ஷீட்டுக்குள் கட் செய்து ஒட்டினாலும் விதி துண்டுதுண்டாகும். Manage Rules-இல் மேலே This Worksheet என்று மாற்றிப் பார்த்தால் ஒன்றாக இருந்த விதி பத்துப் பதினைந்தாகப் பெருகியிருக்கும், ஒவ்வொன்றின் எல்லையும் A2:F87, A89:F140 என்று நறுக்கப்பட்டிருக்கும். நடுவில் விட்டுப்போன 88-ஆம் வரிசைக்குக் கலரே கிடையாது. இப்போது நாங்கள் பில்களை ஒட்டும்போது Paste Special-இல் Values மட்டும்தான் கொடுக்கிறோம். அப்படியும் நறுங்கிப் போனால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஒரே விதியை A2-லிருந்து புதிதாகப் போடுவதுதான் சுலபம். அதற்காகவே ஃபார்முலாக்களை இன்னொரு ஷீட்டில் எழுத்தாக, முன்னால் ஒற்றை மேற்கோள் போட்டு, வைத்திருக்கிறேன்.

600 என்ற எல்லையையும் கவனிக்க வேண்டும். பில்கள் 601-ஆம் வரிசைக்குப் போய்விட்டால் அங்கே கலரும் விழாது, மேலே இருக்கும் பில்களோடு ஒப்பிடவும் செய்யாது. 5000 வரை என்று முதலிலேயே கொடுத்துவிடலாம்தான், ஆனால் கலர் விதியில் இருக்கும் SUMPRODUCT கண்ணில் படும் ஒவ்வொரு கட்டத்துக்கும் 5000 வரிசையையும் ஓட்டிப் பார்க்கும், ஆறு காலம் என்றால் ஒரே வரிசைக்கு ஆறு தடவை. ஸ்க்ரோல் செய்தால் எங்கள் பழைய கம்ப்யூட்டர் மூச்சு வாங்கியது. அதனால் இப்போது அந்தப் பெரிய ஃபார்முலாவை எல்லைகளை 5000 ஆக்கி H2-வில் போட்டு, கீழே வரை இழுத்துவிட்டேன். கலர் விதியில் இருப்பது =$H2 மட்டும். H-இல் TRUE என்றால் வரிசை சிவப்பாகும், கணக்கு வரிசைக்கு ஒரு தடவையோடு முடிந்துவிடும். சனிக்கிழமை காலையில் H-ஐ TRUE என்று ஃபில்டர் செய்து, வரும் வரிசைகளுக்கு பேப்பர் பில்லையும் சலானையும் எடுத்து வைத்துச் சரிபார்த்த பிறகே லிஸ்ட் முதலாளி மேஜைக்குப் போகும். எங்கள் பிரிண்டர் கறுப்பு வெள்ளை, லிஸ்டில் சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பல் நிறமாகத்தான் விழும், அதனால் H காலத்தையும் சேர்த்தே பிரிண்ட் எடுக்கிறேன்.